கூந்தன்குளத்துப் படங்கள்: நல்லதைத் தள்ளிவிட்டு முள்ளை வைத்துக்கொள்ளும் நிரல்

வரித்தலை வாத்து (நாங்குநேரி) | ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் விடிவதற்கு முன்பே கூந்தன்குளம் போய்ச் சேர்ந்துவிட்டேன். மணிமுத்தாறு தண்ணீர் வந்து குளம் நிறைந்திருந்தது. கூழைக்கடா, சங்குவளை நாரை, தூரத்தில் வரித்தலை வாத்துக் கூட்டம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் 2,346 படங்கள். நொடிக்குப் பத்து என்று விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் இதுதான் நடக்கும். பாதிக்கு மேல் கலங்கியவை, இருட்டானவை என்று தோன்றியது. அவற்றை உட்கார்ந்து பிரிக்க ஒரு முழு இரவு வேண்டும் என்பதால் ஓபன்சிவி வைத்து ஒரு நிரல் எழுதினேன். இணையத்தில் எங்கு பார்த்தாலும் இருக்கும் அதே முறைதான்.

```python
import cv2, shutil
from pathlib import Path

for p in Path("kulam").glob("*.JPG"):
    g = cv2.imread(str(p), cv2.IMREAD_GRAYSCALE)
    kalangal = cv2.Laplacian(g, cv2.CV_64F).var()
    if kalangal < 100 or g.mean() < 50:
        shutil.move(str(p), "othukkiyavai")
```

ஓடி முடித்தது. 1,412 படங்களை ஒதுக்கியிருந்தது. ஒதுக்கியதைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அன்று எடுத்ததிலேயே நல்ல படம், வெறும் வானத்தில் தனியாக மிதக்கும் ஒரு கூழைக்கடா, கண்ணின் வளையம்கூடத் தெளிவாகத் தெரிவது, அது ஒதுக்கிய கோப்புறையில் கிடக்கிறது. லாப்லேசியன் அதற்குக் கொடுத்த எண் 38. மிச்சம் வைத்த படங்களில் ஒன்றில் கருவேல முள் ஒவ்வொன்றும் ஊசிபோல இருக்கிறது, பின்னால் நாரை பஞ்சுபோல இருக்கிறது. அதன் எண் 640.

100 என்ற எல்லையைக் கூட்டவா குறைக்கவா? அல்லது முறையே தவறா?

---

மலைச்சாரல் 97 | ஞாயிறு, இரவு 10.05

முறை தவறில்லை. நீங்கள் படத்தைச் சிறிதாக்காமல் கொடுத்ததுதான் தவறு. 100 என்ற எல்லை சிறிய படங்களுக்கானது. உங்கள் படம் 6000 × 4000 இருக்கும். அகலத்தை 500 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள், 100 சரியாக வேலை செய்யும். நான் கல்லூரிச் செயல்திட்டத்தில் இப்படித்தான் செய்தேன். ஆசிரியர் முழு மதிப்பெண் கொடுத்தார்.

---

வீரவநல்லூர் வாத்தியார் | திங்கள், காலை 6.15

நல்ல பயனுள்ள விவாதம். என்னிடம் 1968இல் பாபநாசம் படித்துறையில் என் தகப்பனார் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. முகம் கலங்கிப்போய் இருக்கிறது. இந்த நிரலில் கொடுத்தால் முகம் தெளிவாகுமா? எனக்குக் கணினி ஓரளவுதான் தெரியும். பேரன் உதவுவான்.

---

பாளை ஸ்டூடியோக்காரர் | திங்கள், காலை 8.30

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். `othukkiyavai` என்ற கோப்புறையை நிரலை ஓட்டுவதற்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் உங்களுக்குக் குலதெய்வம் துணை.

இதே வரியை வைத்து என் உதவியாளர் போன ஆவணியில் ஒரு கல்யாணப் படங்களை ஓட்டினான். கோப்புறையை உருவாக்க மறந்துவிட்டான். அந்தப் பெயரில் கோப்புறை இல்லாததால் `shutil.move` முதல் படத்தையே `othukkiyavai` என்று பெயர் மாற்றி வைத்தது. இரண்டாவது படத்தை அதன் மேலேயே எழுதியது. மூன்றாவதை அதன் மேல். கடைசியில் 860 படங்கள் போன இடத்தில் ஒரே ஒரு கோப்பு, அதற்கு நீட்டிப்புக்கூட இல்லை. திறந்தால் பந்தியில் யாரோ அப்பளம் உடைக்கும் படம். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் மானம் தப்பியது. பெண் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணப் படத்துக்கு இந்த முறை ஆகாது என்பது என் முடிவு. மணப்பெண்ணின் முகத்தை மட்டும் தெளிவாக வைத்துப் பின்னணியைக் கரைத்து எடுப்பதுதான் எங்கள் தொழில். அதையெல்லாம் கலங்கிய படம் என்று தள்ளிவிடுகிறது. பட்டுப்புடவையின் சரிகை மட்டும் நன்றாக விழுந்து முகம் கலங்கிய படத்தை முதல்தரம் என்கிறது.

---

வரித்தலை வாத்து | திங்கள், காலை 9.10

அண்ணாச்சி, கோப்புறை இருந்தது. தற்செயலாக. இப்போது கைகால் நடுங்குகிறது.

மலைச்சாரல், நீங்கள் சொன்னபடி 500 ஆக்கி ஓட்டினேன். கூழைக்கடா 71க்கு ஏறியது, இன்னும் ஒதுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. முள் படம் 2,900. அதைவிட மோசம், கை லேசாக அசைந்த படங்கள் பல இப்போது தேறிவிட்டன. முழு அளவில் திறந்தால் ஒவ்வொரு இறகுக்கும் இரட்டைக் கோடு தெரிகிறது.

---

அம்பை நுண்ணோக்கி | திங்கள், இரவு 8.45

வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். துணியில் இழை விட்டுப்போன இடங்களைக் கேமரா வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன், இந்த லாப்லேசியன் எண்ணோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த எண் எதை அளக்கிறது என்பதைச் சின்னதாகப் பார்த்துவிடுவோம். ஒரு வரிசையில் நான்கு புள்ளிகள்: 50, 50, 200, 200. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே தாவல், அதாவது தெளிவான விளிம்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் இரு பக்கத்து அண்டை எண்களைக் கூட்டி, தன்னை இரு மடங்காக்கிக் கழியுங்கள். நடுவில் 150, –150 என்று வரும். அதே விளிம்பு கலங்கினால் 50, 50, 100, 150, 200, 200 என்று சரிவாகிவிடும். இப்போது 50, 0, 0, –50. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் தெளிவானதற்கு 45,000, கலங்கியதற்கு 5,000. ஒன்பது மடங்கு வித்தியாசம். படத்தில் மேல் கீழ் புள்ளிகளும் சேரும், அவ்வளவுதான். `CV_64F` போடுவதும் இதற்காகத்தான். 8 பிட்டில் விட்டால் அந்த –150 பூஜ்யமாகிவிடும், பாதிச் செய்தி போய்விடும்.

உங்கள் நிரல் இந்த எண்களின் மாறுபாட்டைப் படம் முழுவதற்கும் சராசரியாக எடுக்கிறது. கூழைக்கடா உங்கள் சட்டகத்தில் எவ்வளவு இடம் பிடித்திருக்கும்? நூற்றில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 97 பங்கு வெறும் வானம். வானத்தில் விளிம்பே கிடையாது. ஒரு படி பாயசத்தில் ஒரு முந்திரியைப் போட்டுவிட்டு, கரண்டி எடுத்துச் சுவைத்து முந்திரியே இல்லை என்று தீர்ப்புச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. உங்கள் 38 என்பது கூழைக்கடாவைப் பற்றிய தகவலே இல்லை. வானத்தைப் பற்றிய தகவல்.

இந்த முறை பிறந்த கதையைக் கேட்டால் இன்னும் விளங்கும். பெச்-பாச்சேகோ என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டு பார்சிலோனாவில் நடந்த மாநாட்டில் இதைச் சொன்னார்கள். எதற்காக? நுண்ணோக்கியில் டயட்டம் என்ற நுண்பாசிக்குத் தானாக ஃபோகஸ் பிடிக்க. காட்சி மாறாது, பாசி நகராது, லென்ஸுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் உள்ள இடைவெளி மட்டும் மாறும். எந்த உயரத்தில் எண் உச்சம் தொடுகிறதோ அதுதான் ஃபோகஸ். ஒரே காட்சியின் பல படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடப் பிறந்த எண் இது. வானத்துக் கூழைக்கடாவையும் முள்காட்டு நாரையையும் ஒரே தராசில் நிறுத்த அது பிறக்கவில்லை. 100 என்ற எல்லை யாரோ ஒருவர் தன்னிடம் இருந்த படங்களுக்குத் தோராயமாக வைத்த எண். ஊரெல்லாம் அதை நகல் எடுத்துவிட்டது.

மலைச்சாரல் தம்பி சொன்னதில் பாதி சரி. எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் அளவு மாறினால் எண் மாறும். ஆனால் 500 என்பது ரொம்பச் சிறிது. ஒரு வரிசையில் மட்டும் பன்னிரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடுகின்றன. மூன்று நான்கு புள்ளி அசைந்த கை அதற்குள் ஒளிந்துகொள்ளும். உங்கள் இரட்டை இறகு அங்கேதான் போனது.

வாத்தியார் ஐயா, இந்த நிரல் எதையும் தெளிவாக்காது. எது கலங்கியிருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். உங்கள் தகப்பனார் படத்துக்கு முதலில் செய்ய வேண்டியது, அசல் அட்டைப் படத்தை 600 அல்லது 1200 டிபிஐயில் ஸ்கேன் எடுப்பது. பல சமயம் அட்டைப் படம் தெளிவாகவே இருக்கும், அதைக் கைப்பேசியில் படம் பிடித்தபோதுதான் கலங்கியிருக்கும்.

---

மலைச்சாரல் 97 | திங்கள், இரவு 9.20

அக்கா, அப்படியானால் ஃபூரியர் மாற்றம் எடுத்து உயர் அதிர்வெண் பார்க்கலாமே? அது இதைவிட அறிவியல்பூர்வமானது.

---

அம்பை நுண்ணோக்கி | திங்கள், இரவு 9.35

எடுக்கலாம். ஆனால் வானத்தில் உயர் அதிர்வெண் கிடையாது, முள்ளில் நிறைய இருக்கிறது. அதே இரண்டு படங்களிலும் அதே தவறைச் செய்வீர்கள், கொஞ்சம் தாமதமாக.

---

வரித்தலை வாத்து | திங்கள், இரவு 10.00

அக்கா, ஒரு சந்தேகம். விடியுமுன் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த ஒரு படம். நிச்சயமாகக் கலங்கியது, நாரையா கொக்கா என்றே தெரியவில்லை. அதற்கு 210 வந்து தேறிவிட்டது. அதில் முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை.

---

அம்பை நுண்ணோக்கி | செவ்வாய், காலை 6.50

அது மணல் இரைச்சல். ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளிக்குப் புள்ளி எண் தாறுமாறாகக் குதிக்கும். லாப்லேசியனுக்கு அது இறகு நுனிபோலத் தெரியும். படத்தை `INTER_AREA` கொண்டு 1600க்குச் சுருக்கினால் வரிசைக்கு நான்குக்கும் குறைவு, மேல் கீழையும் சேர்த்தால் ஏறத்தாழ 14 புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகச் சராசரியாகும், இரைச்சலில் பெரும்பகுதி அடங்கிவிடும். மிச்சத்தை ஒரு சிறிய காஸியன் பூச்சு பார்த்துக்கொள்ளும். 1600 என்றாலும் மூன்று புள்ளி அசைவு தெரியாமல்தான் போகும், அதை மறைக்க மாட்டேன். அச்சடிக்கிற படத்தை எப்படியும் நீங்கள் பெரிதாக்கிப் பார்க்கத்தான் போகிறீர்கள். முதல் சலிப்புக்கு இது போதும்.

வானப் பிரச்சினைக்கு, படத்தை 8 × 8 கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் தனியாக அளந்து, மிகத் தெளிவான மூன்று கட்டங்களின் சராசரியை மட்டும் எடுங்கள். கேள்வி அப்போது மாறிவிடும். "படம் முழுவதும் தெளிவா?" என்று கேட்காமல் "எங்கேயாவது ஓரிடத்தில் தெளிவு இருக்கிறதா?" என்று கேட்கிறோம்.

```python
def thelivu(g):
    s = 1600 / max(g.shape)
    g = cv2.resize(g, None, fx=s, fy=s, interpolation=cv2.INTER_AREA)
    L = cv2.Laplacian(cv2.GaussianBlur(g, (3, 3), 0), cv2.CV_64F)
    a, b = L.shape[0] // 8, L.shape[1] // 8
    k = [L[r*a:(r+1)*a, c*b:(c+1)*b].var()
         for r in range(8) for c in range(8)]
    return sum(sorted(k)[-3:]) / 3
```

அண்ணாச்சியின் மணப்பெண் படமும் இதில் தப்பிவிடும். பின்னணி எவ்வளவு கரைந்திருந்தாலும் முகத்தின் மீது மூன்று கட்டமாவது விழும்.

முள் படம் இதிலும் தேறிவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முள் உண்மையிலேயே தெளிவாக இருக்கிறது, நிரல் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியது நாரை என்பது அதற்குத் தெரியாது.

---

பாளை ஸ்டூடியோக்காரர் | செவ்வாய், பிற்பகல் 1.20

இருட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய தலைவலி. கல்யாணத்துக்கு முந்தின இரவு மண்டபத்தில் விளக்குகளை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கு மட்டும் எரியும்போது பெண்ணை வைத்து எடுப்போம். 12 × 36 ஆல்பத்தில் முதல் பக்கத்துக்குப் போகும் படம் அது. சராசரி பார்த்தால் இருட்டுப் படம் என்றுதான் வரும். எண் 22.

---

வரித்தலை வாத்து | செவ்வாய், பிற்பகல் 1.45

எனக்கும் அதேதான் அண்ணாச்சி. சூரியன் வரும்போது மரத்தில் நாரைகள் கறுப்பு நிழலாக நிற்கும் படங்கள், அவற்றில் சில ஒதுக்கப்பட்டுவிட்டன.

---

அம்பை நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9.00

இருட்டுக்கும் அதே பாயசக் கணக்குதான். சராசரியை விட்டுவிட்டு வெளிச்சமான முனையைப் பாருங்கள்.

```python
import numpy as np
iruttu = np.percentile(g, 99) < 60
```

புள்ளிகளை வெளிச்ச வரிசையில் நிறுத்தினால், மேலே இருக்கும் நூற்றில் ஒரு பங்கு எங்கே தொடங்குகிறது என்பதை இது பார்க்கிறது. அந்த இடமே 60க்குக் கீழே இருந்தால் படத்தில் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குத்துவிளக்குப் படத்தில் சுடரும் கன்னமும் நூற்றில் ஒரு பங்கைவிட அதிக இடம் பிடிக்கும், தேறிவிடும். நிழலுருவப் படத்தில் வானம் பிரகாசம், தேறிவிடும். லென்ஸ் மூடியோடு எடுத்தது மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இருட்டுப் படத்தைத் தெளிவுச் சோதனைக்கே விடக் கூடாது. வெளிச்சத்தைப் பாதியாக்கினால் விளிம்பின் தாவலும் பாதியாகும், வர்க்கம் எடுப்பதால் எண் நான்கில் ஒன்றாகிவிடும். தெளிவான படம்கூடக் கலங்கியது என்ற பட்டியலில் விழும். முதலில் இருட்டு, அதில் தேறியதற்கு மட்டும் தெளிவு, இந்த வரிசை முக்கியம். ஒதுக்கும்போதும் இரண்டையும் தனித்தனிக் கோப்புறையில் போடுங்கள். கலங்கியதை மீட்க முடியாது. இருட்டானதை, கூடவே ரா கோப்பு இருந்தால், பெரும்பாலும் தூக்கி நிறுத்திவிடலாம்.

---

வரித்தலை வாத்து | புதன், இரவு 10.30

ஓட்டினேன். கூழைக்கடா 520க்குப் போய்விட்டது. ஐஎஸ்ஓ 6400 படம் 34க்கு இறங்கிவிட்டது. முள் படம் அக்கா சொன்னதுபோலவே 1,900, அசையவில்லை.

நடுவில் இன்னொரு கூத்து. எங்கு எடுத்தது என்று தெரியட்டும் என்று கோப்புறைக்குத் தமிழில் "கூந்தன்குளம் தை" என்று பெயர் வைத்தேன். உடனே நிரல் `NoneType` என்று கத்திக்கொண்டு நின்றுவிட்டது. படம் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் கணினி.

---

மலைச்சாரல் 97 | புதன், இரவு 10.50

இது எனக்குத் தெரியும். விண்டோஸில் `cv2.imread` தமிழ்ப் பெயருள்ள பாதையைத் திறக்கத் தெரியாமல், அங்கேயே நிற்கவும் செய்யாமல், `None` என்று திருப்பிக் கொடுத்துவிடும். பிறகு வரும் வரிதான் கத்தும். கோப்பை `numpy` மூலம் படித்து, பைட்டுகளை ஓபன்சிவியிடம் கொடுத்தால் போதும். என் தங்கை வளைகாப்புப் படங்களில் இதற்காக ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

```python
g = cv2.imdecode(np.fromfile(p, np.uint8), cv2.IMREAD_GRAYSCALE)
```

---

அம்பை நுண்ணோக்கி | வியாழன், காலை 6.40

தம்பி சொன்னது முழுக்கச் சரி. அதோடு `if g is None` என்று ஒரு சோதனையும் போட்டு, திறக்க முடியாத கோப்புகளின் பெயரை எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். கார்டில் பாதி எழுதப்பட்ட படம் ஒன்று இருந்தால் நள்ளிரவில் நிரல் நின்றுவிடலாம்.

எல்லையை எங்கே வைப்பது என்று முதலில் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் படங்களில் நூறை எடுத்து, எண்ணைப் பார்க்காமல், கையால் நல்லது, கெட்டது என்று பிரியுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு நூறையும் `thelivu` எண் வரிசையில் அடுக்குங்கள். அடியில் எல்லாமே கெட்டது, உச்சியில் எல்லாமே நல்லது, நடுவில் இரண்டும் கலந்து கிடக்கும். நடுப்பகுதியை ஒரே கோட்டால் வெட்ட ஆசைப்படாதீர்கள். கலப்பு தொடங்கும் இடத்துக்குக் கீழே இருப்பதை மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். நடுவில் இருப்பது "ஐயம்" என்ற கோப்புறைக்குப் போகட்டும்.

தொடர்ச்சியாக எடுத்த படங்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு, டயட்டம்காரர்களின் வழி. இரண்டு நொடிக்குள் அடுத்தடுத்து எடுத்தவற்றை ஒரு கொத்தாகச் சேர்த்து, கொத்தின் உச்ச எண்ணில் பாதிக்குக் கீழே போனதை ஒதுக்குங்கள். அங்கே காட்சி கிட்டத்தட்ட ஒன்றேதான், அதனால் எண் தான் பிறந்த வேலையைச் செய்யும். எடுத்த நேரத்தைப் படத்தின் எக்ஸிஃப் குறிப்பிலிருந்து எடுங்கள், கோப்பின் தேதியை நம்பாதீர்கள். நகல் எடுத்தால் அது மாறிவிடலாம்.

---

வரித்தலை வாத்து | வெள்ளி, இரவு 11.15

நூறு படங்களைப் பிரித்தேன். 80க்குக் கீழே ஒரு நல்ல படம்கூட இல்லை. 80 முதல் 190 வரை கலப்பு. அதற்கு மேலே கெட்டது நான்குதான், நான்கிலும் முள் அல்லது நாணல் முன்னால் நிற்கிறது.

பிறகு கொத்துகள். ஒரு சங்குவளை நாரை கூட்டில் இறங்குவதைப் பதினான்கு படங்களாக எடுத்திருந்தேன். உச்சம் 412, அதனால் எல்லை 206. பன்னிரண்டு தேறின. இரண்டு விழுந்தன, 96, 121. 96ஐத் திறந்தேன், சரியான தீர்ப்பு, கை ஆடியிருக்கிறது. 121ஐத் திறந்தேன். நன்றாக இருக்கிறது. முதல் பதிமூன்றிலும் சட்டகத்தில் இரண்டு நாரைகள், 121இல் ஒன்று சிறகடித்து வெளியே போய்விட்டது, இருக்கும் நாரையும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை முதுகைக் காட்டுகிறது. விளிம்பு குறைந்ததால் எண் குறைந்திருக்கிறது.

காட்சி மாறிவிட்டால் கொத்தும் ஏமாற்றுகிறது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

---

அம்பை நுண்ணோக்கி | சனி, காலை 7.10

அருமையான எடுத்துக்காட்டு. முழுமையான தீர்வு என்னிடம் இல்லை. நான் செய்வது இவ்வளவுதான்: ஒரு படம் கொத்தின் எல்லைக்குக் கீழே போனாலும், நூறு படச் சோதனையில் கிடைத்த 80க்கு மேலே இருந்தால் அதை ஐயத்தில் போடுவேன். இரண்டு சோதனையிலும் தோற்றதைத்தான் ஒதுக்குவேன். உங்கள் 121 ஐயத்துக்குப் போகும். 96உம் அங்கேயே போகும், பரவாயில்லை. முழுக் கொத்துமே கலங்கியிருந்தால் கொத்தின் எல்லை தானும் தாழ்ந்துவிடும், அப்போது 80க்குக் கீழே இருந்தாலே ஒதுக்கிவிடுங்கள்.

முள்ளுக்குச் சட்டகத்தின் நடுக் கட்டங்களை மட்டும் பார்க்கலாம், பறவையை நடுவில் வைத்து எடுக்கும் பழக்கம் இருந்தால். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

---

மலைச்சாரல் 97 | சனி, காலை 9.30

நடுக் கட்டம் என்றால் ஓரத்தில் பறக்கும் பறவை போய்விடுமே அக்கா. கேமரா எந்தப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்தது என்பதைச் சில கேமராக்கள் எக்ஸிஃபில் எழுதிவைக்கின்றன. அந்தக் கட்டத்தை மட்டும் அளந்தால்?

---

அம்பை நுண்ணோக்கி | சனி, காலை 10.00

நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு கேமரா நிறுவனமும் அதை ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. எக்ஸிஃப்டூல் வைத்து உங்கள் கேமராவுக்கு எழுதிப் பாருங்கள், எழுதினால் இங்கே போடுங்கள். முள்ளில் ஃபோகஸ் பிடித்துவிட்ட கேமரா "முள்ளில் பிடித்தேன்" என்றுதான் எழுதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

---

பாளை ஸ்டூடியோக்காரர் | சனி, இரவு 9.50

நேற்று எடுத்த கல்யாணத்தில் ஓட்டிப் பார்த்தேன். கட்டமுறை மணப்பெண் படங்களைத் தொடவில்லை, அது உண்மை. குத்துவிளக்கும் தப்பியது. சரிகைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. புடவை தெளிவு, முகம் கலங்கல் என்று பதினோரு படங்கள் தேறி வந்தன, எல்லாம் பெண் தலை குனிந்து நிமிரும் நேரத்தில் எடுத்தவை. முகத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் அளக்கச் சொல்லலாம் என்று உதவியாளர் சொல்கிறான், அடுத்த முகூர்த்தத்துக்குள் முடித்துக் காட்டட்டும்.

இன்னொன்று. இரண்டு கேமராவில் எடுத்ததால் இரண்டிலும் `DSC_0412.JPG` இருந்தது. ஒதுக்கிய கோப்புறையில் இரண்டாவது வந்தபோது அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று நிரல் நின்றது. இந்த முறை நின்றதற்கு அதைக் கும்பிட்டேன். உதவியாளர் அதைச் "சரிசெய்ய" இலக்கை முழுக் கோப்புப் பெயரோடு கொடுக்கப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் மேலேயே எழுதிவிடும். இப்போது கேமரா பெயரை முன்னால் சேர்த்து நகர்த்துகிறோம். நகர்த்தும்போது ரா கோப்பையும் சேர்த்தே நகர்த்துங்கள், இல்லையென்றால் ஜேபெக் ஒரு பக்கம், ரா ஒரு பக்கம் என்று ஜோடி பிரிந்துவிடும்.

---

வீரவநல்லூர் வாத்தியார் | ஞாயிறு, காலை 6.05

அம்பை அம்மா சொன்னபடி பேரன் அட்டைப் படத்தை 1200இல் ஸ்கேன் எடுத்தான். முகம் தெரிகிறது. அவர் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நிற்பது என் சித்தப்பா என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படத்தில் மேல் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது, அதற்கு என்ன செய்வது?

---

வரித்தலை வாத்து | ஞாயிறு, இரவு 8.20

ஐயா, வெள்ளைக் கோட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள், நிறையப் பேர் வருவார்கள்.

இறுதிக் கணக்கு: 2,346இல் கலங்கியவை 611, இருட்டு 94, ஐயம் 287, மீதி 1,354. ஐயத்தை ஒரு மணி நேரத்தில் கண்ணால் பார்த்து முடித்தேன், அதில் 130 நல்லவை. கலங்கியதில் ஐம்பதை அங்கங்கே எடுத்துத் திறந்து பார்த்தேன், ஒன்றுகூட வருந்தும்படி இல்லை. முள் படங்கள் இன்னும் நல்ல கோப்புறையில்தான் இருக்கின்றன. நாற்பதோ ஐம்பதோ இருக்கும். மலைச்சாரல், உங்கள் எக்ஸிஃப்டூல் வேலை எதுவரை வந்திருக்கிறது?